பெரும்பாலான பிடிஎஃப்-க்குள் அட்டவணை என்று ஒன்று கிடையாது

பிடிஎஃப் கோப்புகளைத் தேடலுக்குள் கொண்டு வரும்போது எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் எழுத்தை வெளியே எடுத்து இன்டெக்ஸில் போட்டுவிடுவது. கட்டுரை, கதை மாதிரி ஓடும் உரைக்கு இது பெரும்பாலும் போதும். அட்டவணையும் படிவமும் வந்தால்தான் வம்பு. தேடினால் ஆவணம் கிடைக்கும், சொற்களும் இருக்கும், ஆனால் பதில் தப்பாக இருக்கும். எதுவுமே கிடைக்காமல் போவதை விட இது மோசம். ஏன்னா, தப்பு நடந்ததே யாருக்கும் தெரியாது.

ஒரு சின்ன அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து இட வேண்டும் என்று சொல்லும் பட்டியல். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்தான், வயலுக்கு அல்ல.

```
பயிர்      மானாவாரி   இறவை
நெல்         50        150
கரும்பு                275
சோளம்        40         90
```

கரும்புக்கு மானாவாரிக் கட்டம் காலி. அந்தக் காலிக்கும் ஓர் அர்த்தம் உண்டு: மானாவாரிக்குப் பரிந்துரை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது பிடிஎஃப்-க்குள் எப்படி இருக்கும்? வரிசை, நெடுவரிசை, கட்டம் என்று எதுவும் பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்காது. "இந்த இடத்துக்குப் போ, இந்த எழுத்தை வரை" என்ற கட்டளைகள் மட்டும்தான். கரும்பு வரிசையைச் சுருக்கமாகக் காட்டினால் இப்படி இருக்கும். தமிழ் எழுத்து உள்ளே வெறும் எண்களாகத் தெரியும் என்பதால் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறேன்.

```
BT
/F1 11 Tf
72 620 Td
(Karumbu) Tj
260 0 Td
(275) Tj
ET
```

பக்கத்தின் இடது ஓரத்திலிருந்து 72 புள்ளி தள்ளி "கரும்பு". அங்கிருந்து இன்னும் 260 புள்ளி தள்ளி, அதாவது 332-ல், "275". ஒரு புள்ளி என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. காலிக் கட்டத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லை, கவனித்தீர்களா? வரைய ஒன்றும் இல்லை, அதனால் எழுதவும் இல்லை. சுற்றியுள்ள கோடுகளும் தனியாக வரையப்பட்ட வெறும் கோடுகள்தான். அவை எந்த எண்ணைச் சுற்றி நிற்கின்றன என்று கோப்புக்குத் தெரியாது.

ஆக, எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவி செய்வது படிப்பது அல்ல, ஊகிப்பது. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் `pdftotext` கருவியில் மூன்று விதமான ஊகம் உண்டு. சும்மா ஓட்டினால் மனிதர் படிக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். `-raw` கொடுத்தால் கோப்பில் கட்டளைகள் வரும் வரிசையிலேயே தரும். `-layout` கொடுத்தால் இடைவெளிகளைப் போட்டுப் பக்கத்தின் தோற்றத்தைக் காப்பாற்ற முயலும். எதில் என்ன வரும் என்பது கோப்புக்குக் கோப்பு மாறும்.

அட்டவணையைச் செய்தித்தாள் பத்தி மாதிரி எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு நெடுவரிசையும் மேலிருந்து கீழாக வரும்:

```
பயிர் நெல் கரும்பு சோளம் மானாவாரி 50 40 இறவை 150 275 90
```

பயிர் மூன்று, மானாவாரி எண் இரண்டு. வரிசையாகப் பொருத்தினால் சோளத்தின் 40 கரும்புக்குப் போய்விடும்.

சரி, வரிசை வரிசையாக எடுத்தால்? "கரும்பு 275" என்று வரும். முதல் எண் மானாவாரி என்று நினைத்துப் படித்தால் கரும்புக்கு மானாவாரியில் 275 கிலோ. இரண்டு வழியிலும் தப்பு, அதுவும் வேறு வேறு தப்பு.

`-layout` காப்பாற்றுமே என்று தோன்றும். கண்ணால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்து வரும் இன்டெக்ஸர் உரையைச் சொற்களாக உடைக்கும்போது, பத்து இடைவெளியும் ஒரு இடைவெளியும் அதற்கு ஒன்றுதான். கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய காலிக் கட்டம் அங்கே காணாமல் போகும். நீண்ட அட்டவணையாக இருந்தால் இன்னொரு சிக்கல்: உரையைத் துண்டு துண்டாக வெட்டி இன்டெக்ஸ் செய்யும்போது தலைப்பு ஒரு துண்டிலும் எண்கள் இன்னொரு துண்டிலும் விழும். "மானாவாரி சோளம்" என்று தேடுபவருக்கு, பதில் இருக்கும் துண்டில் "மானாவாரி" என்ற சொல்லே இருக்காது.

படிவங்களில் கதை கொஞ்சம் வேறு. நிரப்பக்கூடிய பிடிஎஃப் படிவத்தில் "பெயர்", "முகவரி" போன்ற அச்சிட்ட சொற்கள் பக்கத்தில் இருக்கும். நாம் நிரப்பியது தனிப் புலங்களில், `/V` என்ற குறியின் கீழ் இருக்கும். பக்கத்தை மட்டும் படிக்கும் கருவிக்கு ஆயிரம் பேர் நிரப்பிய படிவமும் ஒரே வெற்றுப் படிவம்தான். டிக் அடிக்கும் பெட்டி இன்னும் வேடிக்கை. அந்த டிக் பெரும்பாலும் `ZapfDingbats` எழுத்துருவில் 4 என்ற எண்ணின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் "ஆம்" என்று டிக் செய்தது, வெளியே எடுத்த உரையில் "4" என்று வந்து நிற்கலாம். படிவங்களுக்கு எழுத்தைப் பிரிக்கவே கூடாது, புலங்களை நேரடியாகக் கேட்க வேண்டும்:

```python
from pypdf import PdfReader
fields = PdfReader("form.pdf").get_fields()
```

அட்டவணைக்கு என்ன வழி? எழுத்தை அது இருந்த இடத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். `pdfplumber`-இல் `extract_words()` ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் இடத்தையும் தரும். 332-ல் இருக்கும் 275, "இறவை" என்ற தலைப்புக்கு நேர்கீழே இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு வரிசையையும் தனித்து நிற்கக்கூடிய ஒரு வரியாக மாற்றி இன்டெக்ஸில் போட வேண்டும்:

```
தழைச்சத்து, கிலோ/ஹெக்டேர். பயிர்: கரும்பு. மானாவாரி: இல்லை. இறவை: 275
```

தலைப்பும் அலகும் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரும். அதனால் இன்டெக்ஸ் கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை. இப்போது எங்கே வெட்டினாலும் எண்ணும் அதன் பொருளும் பிரியாது. காலிக் கட்டத்தை "இல்லை" என்று எழுதுவதா, வெறுமனே "காலி" என்று எழுதுவதா என்பதை மட்டும் ஆவணத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சில பட்டியல்களில் காலி என்றால் "மேலே உள்ளதே" என்று பொருள்.

இதுவும் எல்லா இடத்திலும் எடுபடாது. கோடே இல்லாத அட்டவணையில் நெடுவரிசை எங்கே முடிகிறது என்பது மறுபடியும் ஊகம்தான். இரண்டு நெடுவரிசைக்குப் பொதுவாக ஒரே தலைப்பு இருந்தாலும், அடுத்த பக்கத்தில் தலைப்பில்லாமல் தொடர்ந்தாலும், கையால் விதி எழுத வேண்டியிருக்கும். `pdffonts` ஓட்டிப் பாருங்கள். பட்டியல் காலியாக வந்தால் அது அநேகமாக ஸ்கேன் செய்த படம். உள்ளே எழுத்தே இல்லை, முதலில் எழுத்துணரி வேண்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழிகள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்களின் எண்ணிக்கை தலைப்புகளின் எண்ணிக்கைக்குச் சமமா என்று எண்ணுவது. "கரும்பு 275" அங்கேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு, கடைசி வரிசையில் "மொத்தம்" இருந்தால், எடுத்த எண்களை நாமே கூட்டி அதோடு ஒப்பிடுவது. கூட்டல் இடித்தால் ஏதோ ஓர் எண் இடம் மாறியிருக்கிறது அல்லது விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்டெக்ஸில் ஏற்றாமல் ஒதுக்கி வைத்துக் கண்ணால் பார்ப்பதுதான் சரி.