பேனாவைக் கீழே வை

பிளஸ் டூ கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த என் அக்கா மகள் முதலில் சொன்னது இதுதான்: "மாமா, ஒன்பது நிமிஷம் அப்படியே போச்சு."

பத்து மணிக்கு வினாத்தாள் கையில் வந்திருக்கிறது. படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம். பத்தே காலுக்கு எழுத மணி அடித்துவிடும். முதல் ஒரு மதிப்பெண் கேள்வி அணிகளைப் பற்றியது: |adj(adj A)| = |A|^9 எனில் அணியின் வரிசை என்ன? பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே உள்ள கேள்வி. குறைந்தது பத்துத் தடவை போட்டிருப்பாள். அன்று அந்தக் கோடுகளும் எழுத்துகளும் கண்ணில் பட்டதோடு சரி, சூத்திரம் வரவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். எல்லாமே புதிதாகத் தெரிந்தது. உள்ளங்கை வேர்த்தது, விரல் நுனிகள் மரத்தன. மணி அடித்ததும் சுற்றியிருந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். "பக்கத்துப் பெஞ்சுல பேனா ஓடுற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு மாமா" என்றாள்.

நம் வீடுகளில் இதை "படிச்சதெல்லாம் மறந்துபோச்சு" என்பார்கள். மறந்து போகவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். 1998இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. தண்ணீர்த் தொட்டிக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று எலிகளுக்குப் பழக்கினார்கள். பிறகு காலில் லேசான மின்அதிர்ச்சி கொடுத்து, தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். அதிர்ச்சி கொடுத்து இரண்டு நிமிடத்தில் விட்ட எலிகள் தடுமாறவில்லை. நான்கு மணி நேரம் கழித்து விட்டவையும் தடுமாறவில்லை. அரை மணி நேரம் கழித்து விட்டவைதான் மேடையின் இடம் தெரியாமல் சுற்றின. பதற்றத்தின்போது அட்ரீனல் சுரப்பி வெளியிடும் ஹார்மோன் உச்சத்துக்கு வரும் நேரம் அது. மனிதர்களில் அந்த ஹார்மோனின் பெயர் கார்ட்டிசால். படித்தது மூளையில் பத்திரமாக இருக்கிறது, எடுக்கும் வழிதான் சற்று நேரம் அடைபடுகிறது. பரீட்சை முடிந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது விடை பளிச்சென்று நினைவுக்கு வருவது இதனால்தான்.

அவளுடைய கணக்கு டீச்சர் இந்த நிலைமைக்கென்றே ஒரு பழக்கம் சொல்லித் தந்திருந்தார். முதல் வேலை, பேனாவைக் கீழே வைப்பது. பேனா கையில் இருக்கும்வரை "எழுது, எழுது" என்ற துரத்தல் நிற்காது. அடுத்து, இரண்டு பாதங்களும் தரையில் பதியும்படி உட்கார வேண்டும். அதன் பிறகு மூச்சு: நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. ஆறு மூச்சுக்கு ஒரு நிமிடம்.

இங்கே பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். "நல்லா மூச்சை இழுத்து விடும்மா" என்கிறோம். பயந்துபோன பிள்ளை வேகவேகமாக, பெரிது பெரிதாக இழுக்கும். அப்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை லேசாகும், விரல்கள் இன்னும் மரக்கும். பயம் இரட்டிப்பாகும். பலன் இருப்பது மூச்சை விடுவதில்தான். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு நீங்களே சோதிக்கலாம். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவாகும், விடும்போது தளரும். விடும் நேரத்தை நீட்டினால் தளர்ச்சியும் நீள்கிறது. இளம் வயதினரிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அவள் மூச்சை எண்ணிக்கொண்டு இருந்தபோது அறைக் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து, "என்னம்மா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆறு மூச்சு முடிந்தவுடன் முதல் கேள்விக்குத் திரும்பவில்லை. டீச்சரின் கண்டிப்பான கட்டளை அது. கார்ட்டிசால் ஒரு நிமிட மூச்சில் கரைந்துவிடாது. இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூச்சு செய்வது, இதயத்தின் ஓட்டத்தை மட்டுப்படுத்தி, கையையும் கண்ணையும் நம் வசத்துக்குக் கொண்டுவருவது. சூத்திரம் தேடும் கேள்வியில் உடனே கை வைத்தால் மறுபடி சுவரில் முட்டிக்கொள்வோம். அதனால் முதலில் யோசனையே தேவைப்படாத வேலை. விடைத்தாளின் ஓரத்தில் 1 முதல் 20 வரை வரிசையாக எண்களை எழுதினாள். ஒரு மதிப்பெண் விடைகளுக்கு எப்படியும் அது தேவைதான்.

பிறகு, நினைவுக்கு அதிக வேலை இல்லாத ஒரு கணக்கு. இரண்டு மதிப்பெண் பகுதியில் i^1947 + i^1950 என்பதைச் சுருக்கச் சொல்லியிருந்தார்கள். இதற்கு அடுக்கை நான்கால் வகுத்து மீதி பார்த்தால் போதும். 1947க்கு மீதி 3, அதாவது −i. 1950க்கு மீதி 2, அதாவது −1. விடை −1 − i. வகுத்தல் ஐந்தாம் வகுப்பிலேயே படித்ததுதானே. "அதைப் போட்டதும் கை சூடாச்சு மாமா" என்றாள். அப்போது மணி 10.24.

ஒன்பது நிமிடம் என்றால் எவ்வளவு நஷ்டம்? மூன்று மணி நேரத்துக்குத் தொண்ணூறு மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். ஆக, நாலரை மதிப்பெண்ணுக்கான நேரம். மனம் "எல்லாம் போச்சு" என்று கத்தும்போது இந்தக் கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. கடைசியில் திருப்பிப் பார்க்க வைத்திருக்கும் நேரத்திலேயே அது அடங்கிவிடும்.

அந்த முதல் கேள்வியை பன்னிரண்டு மணிக்கு மேல்தான் தொட்டாள். அடுக்கு (n−1)^2 என்பது தானாக வந்து நின்றது. அது 9 என்றால் n = 4.

இதெல்லாம் அன்று முதல்முறையாகச் செய்திருந்தால் நடந்திருக்காது. பதற்றத்தில் புதிய பழக்கம் ஒட்டாது, ஏற்கெனவே கையில் ஊறியதுதான் வரும். ஜூலை மாதத்திலிருந்து ஒவ்வொரு வாரத் தேர்விலும், பயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வினாத்தாளைத் திருப்பும் முன் அந்த வகுப்பு முழுவதும் ஆறு மூச்சு எண்ணியது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்களாம். படிக்காத பாடத்தை எந்த மூச்சும் கொண்டுவராது என்பதையும் டீச்சர் அப்போதே சொல்லிவிட்டார்.

வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், பரீட்சை என்றாலே வாந்தி வருகிற பிள்ளைக்கு இது போதாது. மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். டெலி மானஸின் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

மற்றபடி, ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரத் தேர்வில் வினாத்தாளைக் கொடுத்ததும் ஒரு நிமிடம் பேனாக்களைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.