மண்ணீரல் எடுத்த பின் வரும் காய்ச்சல்

மாதம் ஒருமுறை பதுளைப் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொண்டு போகும் தலசீமியாப் பிள்ளை, சில காலம் கழித்து இரண்டு கிழமையிலேயே வெளிறிப்போய் வந்து நிற்கும். இடப்பக்க விலாவுக்குக் கீழே வைத்தியர் கைவைத்துப் பார்த்தால் மண்ணீரல் பெரிதாகத் தட்டுப்படும். ஏற்றிய இரத்தம் அங்கேதான் அழிந்துகொண்டிருக்கிறது.

பெரியவர்களுக்கு மண்ணீரலின் எடை 150 முதல் 200 கிராம் வரைதான். அதனுள் போகும் இரத்தத்தில் ஒரு பகுதி குழாய்களை விட்டு வெளியேறி, பஞ்சுத் திசுவுக்குள் மெதுவாகப் பரவுகிறது. திரும்பி நாளத்துக்குள் நுழைய ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள பிளவுகளே வழி. சிவப்பணுவோ ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலம். உடலை ஒடுக்கி வளைந்தால்தான் கடக்கலாம். 120 நாள் ஓடிக் களைத்த அணு விறைத்துவிடும். அது சிக்கிக்கொள்ள, காத்திருக்கும் விழுங்கணுக்கள் தின்றுவிடும். இதைவிட எனக்கு வியப்பானது இன்னொன்று: இளம் அணுவுக்குள் கருவின் துணுக்கு மிஞ்சியிருந்தால், அந்தத் துணுக்கை மட்டும் பிடுங்கிக்கொண்டு அணுவை உயிரோடு அனுப்பிவிடுகிறது மண்ணீரல்.

தலசீமியாவில் அணுக்கள் பிறக்கும்போதே பழுதானவை. சிக்கச் சிக்க மண்ணீரல் வீங்குகிறது. வீங்க வீங்க, ஏற்றிய நல்ல அணுக்களையும் பிடித்துவைக்கிறது. தேவைப்படும் இரத்தம் கூடக்கூட உடலில் இரும்பும் சேரும். அந்தக் கட்டத்தில்தான், பெரும்பாலும் ஐந்து வயதுக்குப் பிறகு, மண்ணீரலை எடுப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள்.

எடுத்த பின் இரத்தம் ஏற்றும் இடைவெளி நீளும். ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அணுக்களுக்குள் கருநீலப் புள்ளிகள் தெரியும். ஹாவல்-ஜாலி துணுக்குகள் என்று பெயர். பிடுங்க ஆளில்லாமல் தங்கிவிட்ட கருத் துணுக்குகள்தான் அவை. வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கும் தட்டணுக்களும் இரத்தத்தில் பெருகும். தலசீமியாக்காரருக்கு இதனால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது.

பெரிய ஆபத்து வேறு. நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு வழுவழுப்பான உறை உண்டு. எதிர்ப்பொருள் நன்றாக ஒட்டிய கிருமியை ஈரலும் பிடித்துவிடும். எதிர்ப்பொருள் இன்னும் போதாத முதல் மணிநேரங்களில் அதை வடிகட்டக்கூடியது மண்ணீரல்தான். அது இல்லாவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். அதனால்தான் அறுவைக்கு இரண்டு கிழமையாவது முன்னர் தடுப்பூசி; பிறகு பல ஆண்டுகள் பெனிசிலின்.

ஊசியும் மாத்திரையும் இருந்தும் முழுக் காப்பு இல்லை. நமுனுகுல பக்கத்து லயத்தில் இரவு எட்டு மணிக்கு அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தால், பெனடோல் கொடுத்துவிட்டு விடியற்கால பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. வாந்தியும் தடுமாற்றமும் தொடங்கினால் நேரம் மிகக் குறைவு. உடனே வண்டி பிடித்து, பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், "மண்ணீரல் எடுத்த பிள்ளை" என்று முதலில் சொல்லி கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, பிறகு பதுளைக்கு அனுப்புவார்கள்.