நாலரைக் கட்டையிலிருந்து ஆறு கட்டைக்கு

எங்க அத்தை பாட்டு டீச்சர். 1990-களில் அவங்க மாணவிகளுக்காகப் பதிவு செய்து கொடுத்த பாடங்களில் ஒரே ஒரு கேசட் மட்டும் எங்க வீட்டில் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் ஒரு மோகன வர்ணம், சுருதிப் பெட்டி, தொடையில் தட்டும் தாளம், அத்தை குரல். வேற எதுவும் இல்லை. அத்தை இப்போ இல்லை. பதினொரு வயசு மகள் பாட்டு கத்துக்கிறாள், இந்த வர்ணத்தை அத்தைப் பாட்டியிடமிருந்தே கத்துக்கணும்னு அவளுக்கு ஆசை.

சிக்கல் சுருதியில். அத்தை பாடுவது நாலரைக் கட்டை. மகளுக்கு ஆறு கட்டை. நாலரையில் சேர்ந்து பாடினால் வர்ணம் மந்தர தைவதத்துக்கு இறங்கும் இடங்களில் அவள் குரல் வெறும் காற்றாகப் போய்விடுகிறது. அது சுமார் 157 ஹெர்ட்ஸ், அந்த வயசுத் தொண்டைக்குக் கொஞ்சம் ஆழம்தான். "அப்பா, நீங்கதான் சாஃப்ட்வேர்காரர் ஆச்சே, பாட்டியை மேல ஏத்திக் குடுங்க"ன்னு சொல்லிட்டாள். ஐந்து நிமிட வேலைனு நினைச்சேன். மூணு வார இறுதிகள் போச்சு.

முதலில் எத்தனை செமிடோன்னு கணக்குப் போடணும். கட்டை என்பது ஆர்மோனியத்தின் சாவி எண். வெள்ளைச் சாவிகள் 1 முதல் 7 வரை, நடுவில் உள்ள கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூணுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புச் சாவி கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டைனு ஒன்று கிடையாது. கட்டை வித்தியாசத்தை இரண்டால் பெருக்கினால் செமிடோன் வந்துடும்னு நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுவாங்க. இரண்டரையிலிருந்து நாலுக்கு அப்படிக் கணக்குப் போட்டால் 3 வரும், சாவியை எண்ணிப் பார்த்தால் 2 தான். என் விஷயத்தில் நாலரை, ஐந்து, ஐந்தரை, ஆறு: 3 செமிடோன். ஒரு செமிடோன் ஏற அதிர்வெண்ணை சுமார் 1.0595-ஆல் பெருக்கணும். மூணுக்கு 1.189.

பெருக்கல் என்பதில் ஒரு நல்ல விஷயம் இருக்கு. ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு எல்லாமே விகிதம்தான். எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் காந்தாரத்தின் அசைவு எவ்வளவு அகலமோ அவ்வளவே இருக்கும். கமகம் கெடாது. ராகம் அப்படியே ஏறி உட்காரும்.

எளிய வழி, டேப்பை வேகமாக ஓட்டுவது. கம்ப்யூட்டரில் அதையே ஒரு வரியில் செய்யலாம்:

```
ffmpeg -i athai.wav -af "asetrate=44100*1.189,aresample=44100" vegam.wav
```

சுருதி ஏறுது, ஆனால் பத்து நிமிடப் பாட்டு எட்டரை நிமிடத்துக்குள் முடிஞ்சிடுது. நொடிக்கு ஐந்து தடவை அசையும் கமகம் ஆறு தடவையாகிவிடும், கத்துக்கிற பிள்ளைக்கு அது உதவாது. அதனால் நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றும் முறைக்குப் போனேன். ஆடாசிட்டியில் Change Pitch செய்வது அதைத்தான். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, நீட்டி ஒட்டி, பிறகு வேகமாக ஓட்டி பழைய நீளத்துக்கே கொண்டு வந்துடும்.

வேகம் சரியாச்சு. ஆனா போட்டுக் காட்டினதும் மகள் சிரிச்சிட்டாள். "பாட்டி சின்னப் பொண்ணா மாறிட்டாங்க!"

அவள் சொன்னது துல்லியமான அளவீடு. பாடும்போது இரண்டு தனித்தனி வேலைகள் நடக்குது. குரல் நாண்கள் அதிர்வது ஒன்று, சுருதியை நிர்ணயிப்பது அதுதான். அந்த ஒலி தொண்டை, வாய் வழியாக வெளியே வரும்போது சில அதிர்வெண் பகுதிகள் தூக்கலாகும், இது இன்னொன்று. அந்தத் தூக்கலான மேடுகளை ஃபார்மண்ட் என்பார்கள். 'ஆ' எது, 'ஈ' எது என்பதும், பாடுவது யார் என்பதும் பெருமளவு இந்த மேடுகளில்தான் இருக்கு. ஒரு பாடகி மூணு செமிடோன் ஏறிப் பாடும்போது அவர் நாண்கள் வேகமாக அதிரும், தொண்டை சுருங்கிவிடாது. ஆனால் மொத்தப் பதிவையும் 1.189-ஆல் பெருக்கினால் மேடுகளும் சேர்ந்து நகர்ந்துடும்.

எவ்வளவு நகரும்? 1952-ல் பீட்டர்சன், பார்னி இருவரும் அமெரிக்க ஆங்கில உயிரொலிகளை அளந்து வெளியிட்டார்கள். 'ஃபாதர்' என்பதில் வரும் 'ஆ'வுக்கு முதல் மேடு சராசரியாக பெண்களுக்கு 850 ஹெர்ட்ஸ், குழந்தைகளுக்கு 1030. 850-ஐ 1.189-ஆல் பெருக்கிப் பாருங்க, 1010 வரும். மூணு செமிடோனில் அத்தையைக் கிட்டத்தட்ட சரியாக ஒரு குழந்தையின் வாய்க்குள் கொண்டு போய் வைத்திருக்கிறேன்.

இதற்கு மாற்று, மேடுகளை அவற்றின் இடத்திலேயே நிறுத்திவிட்டு நாண் அதிர்வை மட்டும் ஏற்றுவது. மென்பொருள் ஒவ்வொரு துண்டிலும் மேடு பள்ளங்களின் உறையைக் கணித்து எடுத்து வைத்துக்கொள்ளும். சுருதியை ஏற்றிய பிறகு பழைய உறையை அதன் மேல் போர்த்தும். Rubber Band என்ற இலவசக் கருவியில் `-F` என்று கொடுத்தால் இது நடக்கும். இந்தத் தடவை மகள் சிரிக்கவில்லை. "இது பாட்டிதான்"னு சொல்லிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

முடிஞ்சதுனு நினைச்சேன். அவள் தன் எலக்ட்ரானிக் தம்புராவை ஆறு கட்டையில் போட்டுக்கொண்டு கூடப் பாட ஆரம்பித்தாள். அத்தையின் ஷட்ஜம் வரும்போதெல்லாம் உவ்... உவ்...னு ஒரு அலை. மகள் எதைப் பிடிப்பதுனு தெரியாமல் தடுமாறினாள்.

இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. நாலரைக் கட்டை என்றால் 185 ஹெர்ட்ஸ்னு எடுத்துக்கிட்டேன், பதிவில் உண்மையில் என்ன இருக்குனு அளக்கவே இல்லை. அளக்க எளிய இடம், அத்தை மூச்சு விடும் இடைவெளிகள். அங்கே சுருதிப் பெட்டி மட்டும்தான் இருக்கும். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டியில் Plot Spectrum பார்த்தேன். ஷட்ஜத்தை நேராகப் படிப்பதைவிட அதன் நாலாவது ஹார்மோனிக்கைப் படித்து நாலால் வகுப்பது நல்லது, படிக்கும்போது வரும் பிழையும் நாலால் வகுபட்டுவிடும். 748 காட்டியது. ஆக ஷட்ஜம் 187. பதிவு செய்த ரெக்கார்டரோ, நான் ஓட்டிய டெக்கோ, ஒரு சதவீதம் வேகம் தப்பியிருக்கு. கேசட்டில் இது சகஜம்.

187-ஐ மூணு செமிடோன் ஏற்றினால் 222.4. மகளின் தம்புரா 220. வித்தியாசம் 2.4, அதாவது நொடிக்கு இரண்டரை அலை. கேட்டது அதுதான். சரியான கணக்கு இது:

```
12 * log2(220 / 187) = 2.81
```

செமிடோன் முழு எண்ணாக இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

```
rubberband -F -p 2.81 athai.wav athai-6.wav
```

அலை நின்னுடுச்சு. கறாராகப் பார்த்தால் அந்த ஒரு சதவீத வேகப் பிழையை முதலில் டேப் மாதிரியே வேகத்தைக் குறைத்துத் திருத்தி, பிறகு மூணு செமிடோன் ஏற்றணும். ஏன்னா டேப் பிழையில் மேடுகளும் சேர்ந்து நகர்ந்திருக்கும். ஆனால் அத்தையின் சுருதிப் பெட்டி அன்று சரியாக 185-ல் இருந்ததா என்பதற்குச் சாட்சி இல்லை. டேப்பில் பதிந்த கரண்ட் இரைச்சலை 50 ஹெர்ட்ஸ் அடையாளமாக வைக்கலாமேன்னு ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்து நம் ஊர் மின்சாரம் 50-ல் நின்றால்தானே! ஒரு சதவீத ஃபார்மண்ட் வித்தியாசம் காதுக்குத் தெரியாது, விட்டுட்டேன்.

சரியாகாத குறை ஒன்று இருக்கு. தார ஸ்தாயியில் அத்தை குரல் கொஞ்சம் பொள்ளலாக, குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். காரணம் உறையைக் கணிக்கும் விதத்தில் இருக்கு. மந்தர தைவதத்தில் ஹார்மோனிக்ஸ் 157, 314, 471, 628, 785, 942 என்று நெருக்கமாக நிற்கும். 850-ல் மேடு இருந்தால் அதன் வடிவம் தெரிஞ்சிடும். தார ஷட்ஜத்தில் அவை 374, 748, 1122. மேடு 748-க்கும் 1122-க்கும் நடுவில் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. வேலிக்கம்பங்களை வைத்து நடுவில் இருக்கும் நிலத்தின் மேடு பள்ளத்தை ஊகிப்பது போல, கம்பங்கள் தள்ளித் தள்ளி நட்டிருந்தால் ஊகம் தப்பும். எந்தக் கருவி போட்டாலும் பதிவில் இல்லாத தகவலை எடுக்க முடியாது. போதாததற்கு, மேலே போகும்போது பாடகிகள் வாயைக் கூடுதலாகத் திறந்து மேட்டைத் தாங்களே கொஞ்சம் ஏற்றிக்கொள்வதும் உண்டு. மேட்டைப் பிடித்து நிறுத்துவது அந்த இடத்தில் அவ்வளவு இயற்கையும் இல்லை.

இன்னொன்று தாளம். தொடையில் விழும் தட்டு ஒரு கணத்தில் முடியும் ஒலி, துண்டாக்கி ஒட்டும்போது அது 'தப்-ப்'னு இரட்டிக்கும் அல்லது மழுங்கும். கருவிகளை ஒப்பிட நான் குரலைக் கேட்பதே இல்லை, தட்டைத்தான் கேட்பேன். Rubber Band மூன்றாம் பதிப்பில் வந்த `-3` என்ற எஞ்சினையும் பழைய எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இந்தக் கேசட்டுக்குப் புதியதில் குரல் வழவழப்பாக வந்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

ஆசையில் எனக்கும் ஒன்று செய்து பார்த்தேன். நான் முனகுவது ஒன்றரைக் கட்டை, அத்தைக்கு ஐந்து செமிடோன் கீழே. ஃபார்மண்டை விட்டால் ராட்சசி, நிறுத்தினால் ஜலதோஷம் பிடித்த யாரோ. இரண்டிலும் அத்தை இல்லை. என் அனுபவத்தில் மூணு வரைக்கும் தாங்கும், நாலில் சந்தேகம் வரும், ஐந்தில் ஆள் மாறிடும்.

இப்போ மகள் ஏற்றிய பதிவோடு கூடப் பாடிப் பழகுகிறாள். தார ஸ்தாயி சங்கதிகள் சரியாகப் புரியாத இடத்தில் அசல் நாலரைக் கட்டைப் பதிவைப் போட்டு, பாடாமல் கேட்டுக்கொள்கிறாள். ஏ பக்கம்தான் முடிஞ்சிருக்கு. பி பக்கத்தில் ஷட்ஜம் 186-ல் நிற்குது. அதுக்கு 2.91 போடணும்.