எடிட்டர் தொடக்கூடாத சொல்

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒருவர் எழுதிய மருத்துவ ஆய்வுக் கட்டுரை ஒன்று எடிட்டரிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய மருந்து ரத்த அழுத்தத்தை 'சிக்னிஃபிகன்ட்லி' குறைத்தது என்கிறது ஒரு வரி. பக்கத்து அட்டவணையில் p = 0.08. புள்ளியியலில் அந்தச் சொல்லுக்குத் தனிக் கணக்கு உண்டு. வழக்கமாக p 0.05-க்குக் கீழே இருந்தால்தான் அதைப் போடுவார்கள். எழுதியவர் 'நன்றாகவே குறைந்தது' என்று சொல்ல நினைத்தாரா, அட்டவணையில் எண் தவறிவிட்டதா, முடிவைக் கொஞ்சம் ஊதிக் காட்டுகிறாரா?

எடிட்டருக்குத் தெரிய வழியில்லை. அந்த இடத்தில் 'மார்க்கெட்லி' என்று மாற்றினால் வரி வழவழப்பாகிவிடும். முரண்பாடும் அதோடு மறைந்துபோகும். அதனால் சொல்லைத் தொடாமல், "அட்டவணையில் 0.08 என்று இருக்கிறதே, எது சரி?" என்று ஓரத்தில் கமென்ட் எழுதிவிட்டு நகர வேண்டும். காலம், ஒருமை பன்மை, விட்டுப்போன 'தி' எல்லாவற்றையும் ட்ராக் சேஞ்சஸில் தாராளமாகத் திருத்தலாம். என்ன கண்டறியப்பட்டது என்பது மட்டும் ஆய்வாளரின் பொறுப்பு.

பிஎச்.டி. ஆய்வேடு என்றால் எல்லை இன்னும் குறுகும், அங்கே தேர்வு எழுதுவதே மாணவர்தானே. ஆஸ்திரேலியாவில் தொழில்முறை எடிட்டர்களின் அமைப்பான ஐபெட் இதற்கென்றே வழிகாட்டி வைத்திருக்கிறது. மொழித் திருத்தமும் மெய்ப்பும் எடிட்டர் வேலை. வாதத்தையும் அமைப்பையும் சீர்செய்ய மாணவருக்கு உதவ வேண்டியவர் நெறியாளர். எடிட்டரின் உதவியை ஆய்வேட்டிலேயே குறிப்பிடவும் வேண்டும்.

கைக்கு வந்த கோப்பு இன்னும் வெளிவராத ஆய்வு. அதன் ஒரு பத்தியை இலவச இலக்கணத் தளத்தில் ஒட்டிப் பார்ப்பதும் மூன்றாம் ஆளிடம் கொடுப்பதுதான். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பு பொதுவெளிக்கு வந்துவிட்டால், பல நாடுகளில் உரிமையே கைநழுவிப் போகலாம். எவ்வளவு அழகாகத் திருத்தினோம் என்று விளம்பரத்தில் காட்ட, அனுமதியில்லாமல் அந்த வரிகளை எடுப்பதும் இதே கணக்குதான்.

கூலிக்கு வருவோம். சொல்லுக்கு இவ்வளவு என்று பேசும்போது, திருத்துவதற்கு முன் இருந்த சொற்களைத்தான் எண்ண வேண்டும். நல்ல எடிட்டிங்கில் கட்டுரை மெலியும். மெலிந்த பிறகு எண்ணினால் நன்றாக வேலை செய்தவருக்குத்தான் நஷ்டம்.

ஆனால் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே ரேட் சரிவராது. சொல்லுக்கு 1 ரூபாய் என்று வையுங்கள். தெளிவான கட்டுரையில் மணிக்கு 1,000 சொல் ஓடும். சிக்கலானதில் 400 தாண்டாது. அதே ரேட்டில் மணிக்கு 400 ரூபாய்தான். ஆகவே விலை சொல்லும் முன் 300 சொல்லைக் கடிகாரம் வைத்துத் திருத்திப் பார்ப்பது நல்லது. அதை முன்னுரையிலிருந்து எடுக்காதீர்கள், பலரும் பலமுறை தேய்த்து மெருகேற்றிய பகுதி அது. கடைசி நேர அவசரத்தில் எழுதப்பட்ட விவாதப் பகுதியில்தான் கட்டுரையின் உண்மை நிலை தெரியும். மேற்கோள் பட்டியலை இதழின் பாணிக்கு மாற்றித் தருவது வேறு வேலை, அதைத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.