உங்கள் ஃப்ளாட் அம்மாவுக்கா, மாமியாருக்கா? புதுச்சேரியில் ஒரு பதில், மாஹேயில் வேறு பதில்!

‘2005-லயே பொண்ணுங்களுக்குச் சொத்துல சம உரிமை வந்துடுச்சே, இன்னும் என்ன பிரச்னை?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சட்டத் திருத்தம் மாற்றியது, பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான். ஒரு பெண் தானே சம்பாதித்த சொத்து, அவருக்குப் பிறகு யாருக்குப் போகும் என்ற விதி 1956-ல் எழுதியபடியே இருக்கிறது. புதுச்சேரிக்கு அது 1963-ல் வந்தது.

இதில் ஒரு ட்விஸ்ட். அதே இந்து வாரிசுரிமைச் சட்டம், தாய்வழிச் சமூகங்களுக்கு மட்டும் வேறொரு வரிசையை வைத்திருக்கிறது. அந்த மரபு வேரூன்றிய ஊர்களில் ஒன்று, நம் யூனியன் பிரதேசத்திலேயே இருக்கும் மாஹே.

தாய்வழி என்றால் பெண்கள் ஆட்சியா?

இல்லை. மாஹேயைச் சுற்றியுள்ள வட மலபாரில் நாயர், தீயர் சமூகங்கள் பின்பற்றியது ‘மருமக்கத்தாயம்’. ஒரு மூதாட்டி, அவருடைய மகள்கள், மகள்களின் பிள்ளைகள் என்று தாய்வழியில் வருபவர்கள் எல்லாரும் ஒரே ‘தறவாடு’. சொத்து அந்தக் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். ஆனால், நிர்வாகம் பெரும்பாலும் மூத்த தாய்மாமன் கையில். அவர்தான் ‘காரணவர்’. அவருக்குப் பிறகு தறவாட்டுச் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளான மருமக்களிடமே இருக்கும். பெயரே அப்படி வந்ததுதான்.

இது மலையாளிகளின் கதை மட்டுமல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் தமிழ் பேசும் மருமக்கத்தாயக்காரர்கள். சட்டத்தில் அவர்களுடைய பழைய திருவிதாங்கூர்ச் சட்டமும் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது.

இரண்டு வரிசையும் எப்படி இருக்கும்?

ஓர் உதாரணம். கவிதா லாஸ்பேட்டையில் சொந்தச் சம்பளத்தில் ஃப்ளாட் வாங்கியவர். ரம்யா மாஹேயில் மருமக்கத்தாயக் குடும்பத்தில் பிறந்து, அதேபோல ஒரு வீடு வாங்கியவர். இருவருமே உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

*கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா இருந்தால்:* கவிதாவின் ஃப்ளாட் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மூன்று சம பங்கு, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ரம்யாவின் வீட்டில் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் மூன்று சம பங்கு, கணவருக்கு ஒன்றுமில்லை.

*பிள்ளைகள் இல்லை, கணவரும் அம்மாவும் இருந்தால்:* கவிதாவின் ஃப்ளாட் முழுக்கக் கணவருக்கு. ரம்யாவின் வீடு முழுக்க அம்மாவுக்கு. அங்கே கணவர், அப்பாவோடு சேர்ந்து இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறார்.

*பிள்ளைகளும் இல்லை, கணவரும் இறந்துவிட்டார் என்றால்:* வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இங்கேதான். கவிதாவின் ஃப்ளாட் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். மாமியார் இருந்தால் அவருக்கு. இல்லையென்றால் மாமனார், கொழுந்தனார், நாத்தனார் என்று அந்தப் பக்கம் தேடுவார்கள். அங்கே ஒருவருமே இல்லாவிட்டால்தான் கவிதாவின் பெற்றோர். ரம்யாவுக்கோ நேராக அம்மா. கணவரின் உறவுகள் வரிசையில் கடைசி.

நிஜத்தில் இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது. திருமணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பெண், தாய் வீட்டுக்கு வந்து படித்து, வேலைக்குப் போய்ச் சேமித்தார். 1996-ல் உயில் இல்லாமல் இறந்தார். அவருடைய பணத்தைக் கேட்டு அம்மாவும், கணவரின் சகோதரியின் மகன்களும் நீதிமன்றம் போனார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம், ‘அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது’ என்ற நிலைப்பாட்டை எடுத்து, கணவர் பக்கத்துக்கே தீர்ப்பளித்தது. அவர் மருமக்கத்தாயத்துக்கு உட்பட்டவராக இருந்திருந்தால் அம்மாதான் முதல் வாரிசு.

யாருக்கு எது பொருந்தும்?

மாஹேயில் குடியிருந்தால் மட்டும் 17-வது பிரிவு கிடைத்துவிடாது. தாய்வழி மரபுள்ள சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மற்ற இந்துக்களுக்கு 15-வது பிரிவுதான். அதிலும் ஒரு விதிவிலக்கு: பிள்ளைகள் இல்லாத பெண்ணுக்கு அப்பா, அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறிய ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

அப்போ என்ன செய்யலாம்?

இந்த வரிசை எல்லாம் உயில் இல்லாதபோது மட்டும்தான். யாருக்கு எவ்வளவு என்று எழுதி, இரண்டு சாட்சிகள் முன் நீங்கள் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் உயில் செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. பின்னால் தகராறு வரக்கூடும் என்று நினைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது நல்லது. ‘பேங்க்ல அம்மாவை நாமினியா போட்டிருக்கேன், போதாதா?’ என்றால், போதாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே; அது யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ மேலே சொன்ன வரிசையோதான் முடிவு செய்யும்.