கையில் இம்ப்ளான்ட், காலண்டரில் சிவப்புப் புள்ளிகள்... இந்த ரத்தக்கசிவு எத்தனை நாள் நீடிக்கும்?

இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம். இன்னும் மூன்று வருடத்துக்குக் கர்ப்பம் வேண்டாம் என்று கணவனும் மனைவியும் பேசி முடிவெடுக்கிறார்கள். காப்பர்-டி என்றால் அவளுக்குப் பயம். தினமும் மாத்திரை போடுவது என்றால் இரண்டு குழந்தைகளோடு கண்டிப்பாக மறந்துபோகும். மருத்துவமனையில் இம்ப்ளான்ட் பற்றிச் சொல்கிறார்கள். இடது கையின் உட்புறம், முழங்கைக்குச் சற்று மேலே மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் தீக்குச்சி அளவில் ஒன்றை வைத்துக் கட்டுப்போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சில நிமிட வேலை.

பத்தாவது நாள் உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை. பீரியட்ஸ் வருகிறது போல என்று நினைக்கிறாள். ஐந்து நாள் போகிறது, பத்து நாள் போகிறது, நிற்கவில்லை. கொட்டுவதும் இல்லை. சொட்டுச் சொட்டாக, ஒருநாள் சிவப்பாக, ஒருநாள் காபித்தூள் நிறத்தில். வெள்ளிக்கிழமை விளக்கேற்றலாமா என்று தெரியவில்லை. கணவர் பக்கத்தில் வந்தாலே எரிச்சல். "உடம்புக்கு ஒத்துக்கலைன்னா எடுத்துப் போட்டுடும்மா" என்கிறார் மாமியார்.

இது ஒரே ஒரு பெண்ணின் கதை அல்ல. இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து, ஓர் உதாரணமாகச் சொன்னது. இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தியாவில் மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இம்ப்ளான்ட் அண்மைக் காலத்தில்தான், அதுவும் சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. அதனால், 'உனக்கும் இப்படித்தான் இருந்ததா?' என்று கேட்க அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

அந்தக் குச்சியின் நீளம் 4 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர். அதற்குள் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 68 மில்லிகிராம் இருக்கிறது. உடலில் இயல்பாகச் சுரக்கும் புரொஜெஸ்டிரானின் உறவுக்காரர் இது. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலந்து, சினைமுட்டை வெளிவராமல் தடுக்கிறது. கர்ப்பப்பை வாயில் இருக்கும் திரவத்தைக் கெட்டியாக்கி விந்தணுவையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறது.

சாதாரண மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிமனாக வளர்க்கும். பிறகு புரொஜெஸ்டிரான் அதைப் பக்குவப்படுத்தும். மாதக் கடைசியில் இரண்டும் ஒன்றாகக் குறைய, உட்சுவர் மொத்தமாக உரிந்து நான்கைந்து நாளில் வெளியேறிவிடும். அதனால்தான் பீரியட்ஸுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது.

இம்ப்ளான்ட் இருக்கும்போது புரொஜெஸ்டிரான் வகை ஹார்மோன் மட்டும் தினமும் விடாமல் வருகிறது. உட்சுவர் மெலிந்துபோகிறது. அதன் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, பலவீனமாக இருக்கின்றன. மொத்தமாக உரிவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு ஓர் இடத்தில், நான்கு நாள் கழித்து இன்னோர் இடத்தில் என்று குழாய்கள் கசிகின்றன. இதற்குத் தேதி கிடையாது.

இன்னொரு பயமும் உண்டு. பீரியட்ஸே வராமல் போகும் பெண்களிடம், 'கெட்ட ரத்தம் வயிற்றிலேயே தங்கிவிடும்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உட்சுவர் வளரவே இல்லை என்றால் தங்குவதற்கு எதுவும் இல்லை. அதேபோல, கசிவு இருப்பதால் கருத்தடை வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை.

சரி, எத்தனை நாள்?

இந்தத் தேதிக்குள் நின்றுவிடும் என்று யாராலும் உறுதி தர முடியாது. 'மூன்று மாதத்தில் சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்புவது பாதி உண்மைதான். சிலருக்கு இந்த ஒழுங்கின்மை குச்சி கையில் இருக்கும்வரை தொடரலாம். ஆனால் முதல் மூன்று மாதம் ஒரு முக்கியமான தகவலைத் தருகிறது.

இந்த இம்ப்ளான்ட் பற்றிய 11 மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்ற 923 பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியானது. 90 நாள், 90 நாளாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். முதல் மூன்று மாதம் தொந்தரவில்லாமல் போனவர்களுக்கு, பெரும்பாலும் அடுத்து வந்த காலமும் அப்படியே போனது. முதல் மூன்று மாதம் மோசமாக இருந்தவர்களில் குறைந்தது பாதிப் பேருக்குப் பிறகு நிலைமை முன்னேற வாய்ப்பு இருந்தது. அதாவது மீதிப் பேருக்கு முன்னேறாமலும் போகலாம். வைத்துக்கொள்வதற்கு முன்பே ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது.

அந்தத் தொகுப்பில், எந்த 90 நாளை எடுத்தாலும் சுமார் 22 சதவிகிதத்தினருக்கு ரத்தமே படவில்லை. சுமார் 34 சதவிகிதத்தினருக்கு எப்போதாவதுதான். 18 சதவிகிதத்தினருக்கு ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் நீண்டது. ரத்தப்போக்குப் பிரச்னையால் குச்சியை எடுத்துவிட்டவர்கள் சுமார் 11 சதவிகிதம். இன்னொன்றும் தெரிந்தது. நான்கில் மூன்று பங்குக் கணக்குகளில், ரத்தம் பட்ட மொத்த நாட்கள் சாதாரண பீரியட்ஸ் நாட்களைவிடக் குறைவாகவோ, ஏறக்குறைய அதே அளவாகவோதான் இருந்தன. பெண்களைப் படுத்தியது எண்ணிக்கையைவிட, எப்போது வரும் என்று தெரியாத நிலைதான்.

காலண்டர் சொன்ன கதை

நம் உதாரணப் பெண்ணிடம் திரும்புவோம். தினசரி காலண்டரில் புள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். கறை மட்டும் என்றால் ஒரு புள்ளி, நாப்கின் தேவைப்பட்டால் இரண்டு. செல்போனில் குறித்துக்கொண்டாலும் சரிதான்.

முதல் கசிவு 10-ம் நாள் தொடங்கி 28-ம் நாள்வரை, 19 நாள் ஓடியது. 24-ம் நாள் அவள் மருத்துவரிடம் போனாள். அவர் உடனே மாத்திரை எழுதவில்லை. முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. இல்லை என்று வந்தது. காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுக்கிறாயா என்று கேட்டார். ரிஃபாம்பிசின், கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்றவை இம்ப்ளான்டின் ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும்; கருத்தடையும் பலவீனமாகும், ரத்தப்போக்கும் மாறும். அவள் எதுவும் எடுக்கவில்லை. தாம்பத்யத்துக்குப் பிறகு ரத்தம் வருகிறதா, நாற்றத்துடன் வெள்ளைப்படுகிறதா என்று கேட்டு, கர்ப்பப்பை வாயையும் பார்த்தார். கிருமித்தொற்று, கட்டி, கர்ப்பப்பை வாயில் புண் என எல்லாவற்றுக்கும் 'இம்ப்ளான்ட்தான் காரணம்' என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா?

ஹீமோகுளோபின் 10.4 இருந்தது. இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது, சொட்டுச் சொட்டாகப் போவதைக்கூட அலட்சியம் செய்ய முடியாது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கப்பட்டது. கூடவே மெஃபனமிக் அமிலம் ஐந்து நாளுக்கு, வயிறு புண்ணாகாமல் இருக்கச் சாப்பிட்ட பிறகு.

ஐந்தாவது நாளோடு ரத்தம் நின்றது. எட்டு நாள் கழித்துத் திரும்ப வந்தது. 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று அழுதாள். ஆனால் அந்த மாத்திரையின் வேலையே அப்போதைய கசிவை நிறுத்துவதுதான். குச்சி கையில் இருக்கும்வரை உட்சுவர் மெலிந்துதான் இருக்கும் என்பதால், கசிவு மறுபடி வரலாம்.

இதற்கும் அடங்காதபோது, ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த கருத்தடை மாத்திரையைச் சில வாரங்கள் தருவதுண்டு. அது உட்சுவரைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனால் எல்லோருக்கும் ஆகாது. உயர் ரத்த அழுத்தம், ரத்தக்கட்டு வந்த வரலாறு, கண்ணில் மின்னல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தால் கூடாது. குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகாமல் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். டிரானெக்ஸாமிக் அமிலமும் சிலருக்குத் தரப்படுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எழுதிய சீட்டைக் கடையில் காட்டி வாங்கிப் போடும் விஷயமில்லை இவை.

90 நாள் முடிந்ததும் காலண்டரை எண்ணினார்கள். நான்கு முறை ரத்தம் பட்டிருந்தது. 19, 6, 9, 4 நாட்கள். மொத்தம் 38. இரண்டு புள்ளி வைத்த நாட்கள் ஏழுதான். பார்த்ததும் அவளுக்கே ஆச்சரியம். 'மூன்று மாதமாக நிற்கவே இல்லை' என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று அவளே முடிவெடுத்தாள். இரண்டாவது 90 நாளில் மொத்தம் 21 நாள், மூன்றாவதில் 11. பிறகு இரண்டு மாதம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, மைத்துனர் கல்யாணத்தின்போது ஒரு வாரம் கசிந்தது. அதற்காகப் பழையபடி ஆரம்பித்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. கைப்பையில் ஒரு நாப்கின் எப்போதும் இருக்கட்டும். அவளுடைய நாத்தனார் மறுவருடம் வைத்துக்கொண்டபோது, முதல் 90 நாளின் கணக்கு 50-ஐத் தாண்டியது. அடுத்த 90 நாளிலும் குறையவில்லை. எடுத்துவிட்டாள். இரண்டு பேர் செய்ததும் சரிதான்.

உடனே போக வேண்டிய நேரம்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது. தலைசுற்றல், படபடப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல் ஆகியவையும் அப்படியே. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி இருந்தால் கருக்குழாயில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். இம்ப்ளான்டோடு கர்ப்பம் மிக அபூர்வம். ஆனால் தரித்துவிட்டால் இந்தச் சந்தேகம் வரத்தான் வேண்டும். பல மாதங்கள் ஒரே மாதிரி இருந்த ரத்தப்போக்கு திடீரென்று மாறினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கையைத் தடவினால் குச்சி தட்டுப்படுகிறதா என்றும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுப்படவில்லை என்றால் அது இருக்கும் இடம் தெரியும்வரை ஆணுறை அவசியம்.

எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தால், காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 'என்னால் தாங்க முடியவில்லை' என்பதே போதும். வீட்டில் கீறி எடுக்க முயலவே கூடாது. மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, சிறு கீறல் வழியாக எடுத்துவிடுவார். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் அந்த ஹார்மோன் ரத்தத்தில் இல்லாமல் போய்விடும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'ஒரு வருடம் கையில் இருந்ததே, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்' என்று நினைக்கிறார்கள். தாங்காது. எடுத்த இரண்டே வாரத்தில் கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தை இப்போது வேண்டாம் என்றால், அடுத்து எந்த முறை என்பதை எடுக்கும் அன்றைக்கே பேசி, தொடங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.