ஆய்வகப் பேனா ஆய்வகத்தோடு

அன்புள்ள பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு,

திங்கட்கிழமை நீங்கள் முதன்முதலாக நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வந்தபோது, பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒரு நீலப் பேனா கொடுத்தேன் அல்லவா? அதில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைத் துணியில் தொட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, சலவை சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தோம். வெள்ளைச் சட்டையில் சாம்பாரைச் சிந்திவிட்டு அவசரமாகச் சோப்புப் போட்டவர்களுக்கு, மஞ்சள் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது தெரியும்.

விரல் நுனிகள் சிவந்தன, அது எதிர்பார்த்ததுதான். தண்ணீர் பாட்டிலின் மூடியும் மூக்குக் கண்ணாடியின் ஓரமும் சாப்பாட்டுப் பையின் ஜிப்பும் சிவந்தபோதுதான் வகுப்பில் சிரிப்பு அடங்கியது. பேனா மூடியைக் கடிக்கும் பழக்கமுள்ள ஒருவருக்கு உதட்டோரமும் சிவந்தது. பெயர் சொல்லமாட்டேன். யாருமே வேண்டுமென்று எதையும் தொடவில்லை. ஒரு மணி நேரத்தில் நம் கை எங்கெல்லாம் போய் வருகிறது என்று நமக்கே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு நேரம் போதாமல் சொல்லாமல் விட்ட கதையை இப்போது எழுதுகிறேன். 2010ஆம் ஆண்டு தொடங்கி 2011 வரை அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 109 பேருக்குச் சால்மோனெல்லா தொற்று வந்தது. ஒருவர் இறந்தார். சால்மோனெல்லா என்றால் வழக்கமாக முட்டையையும் கோழிக்கறியையும்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் நோயாளிகளிடம் விசாரித்தபோது, பலர் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் படிப்பவர்களாகவோ வேலை செய்பவர்களாகவோ இருந்தார்கள். நோயாளிகளிடம் கிடைத்த கிருமியும், கற்பித்தலுக்காக ஆய்வகங்களுக்கு விற்கப்படும் ஒரு வகையும் ஒன்றாகவே இருந்தன. என்னை உலுக்கியது வேறொன்று. நோயுற்றவர்களில் சிறு குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் எந்த ஆய்வகத்துக்கும் போனதில்லை. ஆய்வகத்துக்குப் போய்வரும் ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். அதே வகைக் கிருமி 2014இலும் 2017இலும் மறுபடி ஆய்வகங்களிலிருந்து வெளியே வந்தது.

எதில் ஏறி வந்திருக்கும்? கழுவாத கை, வீட்டுக்குப் போகும் நோட்டு, பேனா, கழற்றாத வெள்ளைக் கோட்டு. நம் மஞ்சள் போன வழிதான். நம் ஆய்வகத்தில் சால்மோனெல்லா கிடையாது. தயிரிலுள்ள பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்தான். ஆனாலும் பழக்கம் தயிரிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். அதனால் ஆய்வக மேசையில் பேனாக்கள் இருக்கும். அவை அங்கேயே இருக்கும். குறிப்பை அங்குள்ள தாளில் எழுதுங்கள், பதிவு நோட்டில் வெளியே வந்து எழுதிக்கொள்ளலாம். கிளம்பும்போது கோட்டைக் கழற்றியபின் கை கழுவுங்கள். கழுவிவிட்டுக் கோட்டைக் கழற்றினால் கழுவியது வீண். இருபது விநாடி, சோப்புப் போட்டு, கட்டைவிரலின் அடிப்பக்கம் உட்பட.

அடுத்து, அகார் தட்டு. வியாழக்கிழமை ஆளுக்கொரு பெட்ரித் தட்டில் விரலைப் பதிக்கப் போகிறீர்கள். அதுவரை அந்த விரலில் இருப்பது உங்களோடு தினமும் வாழ்வதுதான், பயப்பட ஒன்றுமில்லை. மூடியபிறகு கதை மாறுகிறது. நல்ல உணவும் சூடும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பத்து மணி நேரத்தில் முப்பது முறை. ஒன்றிலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் 107 கோடி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டில் இடமும் உணவும் தீர்வதால் அப்படியே நடக்காது. என்றாலும், மறுநாள் கடுகளவு தெரியும் ஒரு புள்ளிக்குள் பல லட்சக்கணக்கில் இருக்கும். விரலில் நாலைந்தாக இருந்தது நோய்க்கிருமி என்றால், தோல் அதைச் சமாளித்திருக்கும். அதையே லட்சமாக்கி மூக்குக்கு நேரே திறப்பது வேறு விஷயம். விரல் பதித்த தட்டு அதன்பின் எப்போதும் திறக்கப்படாது. மூடிவழியே பாருங்கள், வரையுங்கள், எண்ணுங்கள். மோந்து பார்க்க ஆசை வரும். எனக்கும் கல்லூரியில் வந்தது, திறந்தும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

மூடியை இரண்டு துண்டு டேப்பால் எதிரெதிரே ஒட்டினால் போதும். சுற்றி முழுக்க ஒட்டாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்குச் சௌகரியமாகிவிடும். அவற்றில் சில ஆபத்தானவை. பெயரையும் தேதியையும் மூடியில் எழுதாமல் அடித்தட்டில் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும். தட்டைக் கவிழ்த்து வையுங்கள். இல்லையென்றால் மூடியில் வேர்க்கும் நீர் அகார்மீது சொட்டி எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்துப் பள்ளிகளில் தட்டுகளை 25 டிகிரி செல்சியஸ் அளவில்தான் வைப்பார்கள். நம் உடல் சூடான 37இல் வைத்தால் நம் உடலில் வளரப் பழகிய கிருமிகளுக்கு அது விருந்தாகும் என்பதே காரணம். நமக்கு அந்தச் சலுகை இல்லை. மே மாதத்தில் நம் அலமாரியே 35ஐத் தொடும். குளிரால் கிடைக்கும் காவல் நமக்கு இல்லாததால், மூடிதான் காவல்.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றிச் செய்துகாட்டும்போது விரிவாகப் பேசுவோம். இப்போதைக்கு இது மட்டும்: பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சானிடைசர் தடவிய கை முழுக்கக் காயும்வரை தீக்குச்சியைத் தொடாதீர்கள். பின்னலை மடித்துக் கட்டி, துப்பட்டாவை ஊக்குக் குத்தி வாருங்கள்.

வளர்ந்த தட்டுகள் குப்பைக்கு நேரே போகாது. பிரஷர் குக்கருக்குப் போகும். கொதிக்க வைத்தால் போதாதா என்று போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சில பாக்டீரியாக்கள் கெட்டியான உறைக்குள் வித்தாக ஒடுங்கிவிடும். 100 டிகிரி கொதிநீரையும் அவை தாங்கும். குக்கரின் 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரிக்குப் போகிறது, அங்கேதான் சாகும். சமையலறை விசில் கணக்கு இங்கே செல்லாது. முதலில் வெயிட் போடாமல் நீராவி சீராகப் பீறிட விடுகிறேன், உள்ளே காற்று தங்கினால் சூடு அந்த அளவுக்கு ஏறாது. பிறகு வெயிட் போட்டு, அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம். அந்தக் குக்கரின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அதில் யாரும் சோறு வைக்கக் கூடாது என்பதற்குத்தான்.

தட்டு கைதவறி விழுந்தால் என்ன செய்வது? முதலில், தனியாகத் துடைக்கக் குனியாதீர்கள். எல்லோரும் தள்ளி நிற்க, என்னைக் கூப்பிடுங்கள். நான் அதன்மேல் தாள்களை விரித்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் அன்றன்றே கலந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றுவேன். நடுவில் ஊற்றினால் தெறிக்கும். இருபது நிமிடம் காத்திருந்து, கண்ணாடியை இடுக்கியால் எடுப்பேன். உடைத்ததற்காக யாரையும் திட்டமாட்டேன், காசும் கேட்கமாட்டேன். திட்டுவேன் என்று பயந்து காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனவர் உண்டு. அந்தத் தட்டை மூன்று நாள் கழித்துத் துடைப்பத்தோடு கண்டெடுத்தவர் நம் துப்புரவு அக்கா, வெறுங்கையோடு.

வியாழக்கிழமை பேனா கொண்டுவர வேண்டாம். நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்திரி போட்டு வந்து, உள்ளே நுழையும் முன் என்னிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் ஆசிரியை